சுவற்றில் ஒட்டிய சுற்றறிக்கை

நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பள்ளியின் அலுவலகத்திலிருந்து மாதம் இரண்டு மூன்று முறை ஒரு தாள் வரும். சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்யும் பெண் என்னிடம் படித்தவள். அச்சுக்குப் போகும் முன் "ஐயா, ஒருதடவை பாத்துக் குடுங்க" என்று அனுப்பிவைப்பாள். அரையாண்டுத் தேர்வு முடிந்து வந்த ஒரு தாளை அப்படியே கீழே தருகிறேன். பள்ளிகளிலிருந்து வரும் சுற்றறிக்கைகளில் நான் அடிக்கடி பார்க்கும் வழுக்கல்கள் பெரும்பாலும் இந்த ஒன்றிலேயே இருந்தன.

"அன்புடைய பெற்றோருக்கு, அரையாண்டுத் தேர்வுகள் முடிவடைந்தது. விடைத்தாள்கள் திருத்தப்பட்டுவிட்டது. வருகிற திங்கக்கிழமை காலை 10 மணிக்குப் பெற்றோர் கூட்டம் நடைபெறும். ஒவ்வொரு பெற்றோர்களும் தவறாமல் கலந்துக்கணும். பெற்றோரோட வராத மாணவர்கள் அன்று வகுப்பில் அனுமதிக்கப்படமாட்டாது. மதிப்பெண் பட்டியலை வாங்கி, பெற்றோரோட கையெழுத்துடன் புதன்கிழமைக்குள் திருப்பிக் குடுக்கவும். லீவு எடுத்த மாணவர்கள் கடிதத்தை மருத்துவச் சான்றுடன் சேத்து, நூலில் கோர்த்துத் தரவும். வகுப்புவாரியான நேரப் பட்டியல் அலுவலகச் சுவற்றில் ஒட்டப்பட்டுள்ளது."

எழுதியவள் கவனமில்லாமல் எழுதவில்லை. 'முடிவடைந்தது', 'நடைபெறும்', 'ஒட்டப்பட்டுள்ளது' என்றெல்லாம் அவள் வீட்டில் பேசுவதில்லை. எழுத்துத் தமிழ் எழுத வேண்டும் என்று நினைத்தே எழுதியிருக்கிறாள். 'பசங்க', 'என்னன்னா' போன்றவற்றை அவளே களைந்துவிட்டாள். வட்டார வழக்கும் இதில் இல்லை. நெல்லையின் 'அவிய' என்பதையோ கொங்கின் 'ஏனுங்க' என்பதையோ யாரும் சுற்றறிக்கையில் எழுதுவதில்லை. அவை பேச்சுச் சொற்கள் என்று எல்லாருக்கும் தெரியும். தப்பி உள்ளே வருபவை, எல்லா ஊருக்கும் பொதுவான பேச்சு வடிவங்கள்தாம். எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்வதால் அவை பேச்சு என்றே காதுக்குப் படுவதில்லை.

பேச ஒரு தமிழ், எழுத ஒரு தமிழ் என்னும் இந்த நிலையை மொழியியலார் இரட்டை வழக்கு என்கிறார்கள். சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகெங்கும் பேசப்பட்ட கருத்து இது. எழுத்துத் தமிழை யாரும் தாய்மடியில் கற்பதில்லை. பள்ளியில்தான் கற்கிறோம். தமிழாசிரியரும் வகுப்பை விட்டு வெளியே வந்தால் மற்ற தமிழில்தான் பேசுகிறார். ஆகவே எழுத்தில் பேச்சு கலப்பது அறியாமையால் மட்டும் நேர்வதில்லை; எழுதும் கை ஒவ்வொரு சொல்லையும் ஒரு தமிழிலிருந்து இன்னொரு தமிழுக்கு மாற்றிக்கொண்டே போகிறது. எங்கே அந்த மாற்றம் தவறுகிறது என்று பார்ப்பதே திருத்தம்.

முதல் வாக்கியத்தைப் பாருங்கள். 'தேர்வுகள் முடிவடைந்தது.' பன்மை எழுவாய், ஒருமை வினை. இதை இலக்கணப் பிழை என்று சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போகலாம். ஆனால் காரணம் பேச்சில் இருக்கிறது. பேச்சுத் தமிழில் அஃறிணைப் பன்மைக்கென்று தனி வினைமுற்று கிடையாது. 'மாடு வந்துச்சு' என்கிறோம். பத்து மாடு வந்தாலும் 'வந்துச்சு'தான். 'வந்தன' என்ற சொல்லைப் பேச்சில் ஒருவரும் சொல்லிக் கேட்டிருக்க முடியாது. பேச்சில் இல்லாத ஒன்றை எழுதும்போது நினைவாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. 'முடிஞ்சுது' என்பதை 'முடிவடைந்தது' ஆக்கியதோடு கை நின்றுவிடுகிறது. 'முடிவடைந்தன' வரை போவதில்லை.

இதே தாளில் 'நடைபெறும்' என்பதில் தவறே நேரவில்லை. கூட்டம் ஒன்று என்பதால் மட்டும் அல்ல. 'கூட்டங்கள் நடைபெறும்' என்று எழுதியிருந்தாலும் சரியாகவே இருந்திருக்கும். எதிர்காலத்தில் 'உம்' ஈற்று வினை ஒருமைக்கும் பன்மைக்கும் பொது. 'வழங்கப்படவில்லை' போன்ற எதிர்மறையும் அப்படியே. எனவே சுற்றறிக்கையைத் திருத்துபவர் எல்லா வினைகளையும் ஒரே சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதில்லை. 'து' என்று முடியும் இறந்தகால, நிகழ்கால வினைகளை மட்டும் பிடித்து, அதன் எழுவாய் 'கள்' கொண்டதா என்று பின்னோக்கிப் பார்த்தால் போதும். இந்தத் தாளில் மூன்று 'து' கிடைத்தன. முடிவடைந்தது, விட்டது இரண்டும் 'ன' ஆக வேண்டும். கடைசியிலுள்ள 'ஒட்டப்பட்டுள்ளது' என்பதன் எழுவாய் ஒரே ஒரு நேரப் பட்டியல், அது சரி.

'மாட்டாது' என்பதும் இந்த இனம்தான். இதில் திணையும் சேர்ந்து புரண்டிருக்கிறது. 'மாணவர்கள் அனுமதிக்கப்பட மாட்டார்கள்' என்பதே பொருந்தும். பேச்சில் இந்த இடத்தில் 'உள்ள விட மாட்டாங்க' என்போம். அதில் விடாதவர்கள் பள்ளிக்காரர்கள். எழுதும்போது வாக்கியத்தைச் செயப்பாட்டு வினையாகத் திருப்பியதும் எழுவாய் மாறிவிடுகிறது, முடிவு மட்டும் எதனோடும் ஒட்டாமல் நிற்கிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற கடைப் பலகையைப் பார்த்துப் பழகிய கண், மாணவர்களுக்கும் அதே 'மாட்டாது'வைப் போட்டுவிடுகிறது.

'ஒவ்வொரு பெற்றோர்களும்' என்பதை விரைவாகத் திருத்திவிடலாம். 'ஒவ்வொரு' வந்தால் அடுத்து ஒருமை. பெற்றோர் என்பதே பன்மை குறித்த சொல்லாதலால் 'பெற்றோர் அனைவரும்' என்று எழுதிவிட்டால் தொல்லை இல்லை. 'கலந்துக்கணும்' கண்ணில் உடனே பட்டுவிடுகிற பிழை. 'கொள்ள வேண்டும்' என்ற இரண்டு சொல் பேச்சில் 'க்கணும்' என்று சுருங்கிவிடுகிறது; விரித்தால் 'கலந்துகொள்ள வேண்டும்'. திங்கக்கிழமை, திங்கட்கிழமை ஆக வேண்டும். திங்கள் என்பதிலுள்ள 'ள்' கிழமையோடு சேரும்போது 'ட்' ஆகிறது. பேச்சில் அது 'க்' ஆகிக் கரைந்துவிடுகிறது. குடுக்கவும் என்பது கொடுக்கவும். கைப்பேசியில் ஆங்கில எழுத்துகளை வைத்துத் தமிழ் தட்டுபவர்களிடம் 'குடு' மிகுதியாக வருவதைக் கவனித்திருக்கிறேன். காதில் கேட்டபடி விரல் தட்டுகிறது; விசைப்பலகையும் அந்தச் சொல்லை ஒப்புக்கொண்டுவிடுகிறது.

'பெற்றோரோட' இரண்டு இடத்தில் வருகிறது. இரண்டுக்கும் ஒரே திருத்தம் போட முடியாது. 'பெற்றோரோட வராத' என்பது 'பெற்றோருடன் வராத'. 'பெற்றோரோட கையெழுத்து' என்பது 'பெற்றோரின் கையெழுத்து'. பேச்சின் 'ஓட' துணையையும் உடைமையையும் ஒருசேரச் சுமக்கிறது. சூழலும் குரலும் பேச்சில் அதைப் பிரித்துக் காட்டிவிடும். எழுத்தில் பிரித்துத்தான் எழுத வேண்டும். கணினியில் ஒரே ஆணையால் 'ஓட' எல்லாவற்றையும் 'உடன்' ஆக்கிவிட்டு, 'பெற்றோருடன் கையெழுத்து' என்று அச்சடித்த தாளையும் நான் பார்த்திருக்கிறேன்.

'லீவு' அதைப் போன்றதே. பள்ளி மூடியிருந்தாலும் லீவு, பிள்ளை காய்ச்சலில் வராவிட்டாலும் லீவு. எழுத்துத் தமிழில் பள்ளி விடுவது விடுமுறை, ஒருவர் எடுப்பது விடுப்பு. ஆங்கிலச் சொல் என்பதற்காக இதை நீக்கச் சொல்லவில்லை. பேருந்து நிறுத்தத்தில் இறங்குகிற பெற்றோருக்குப் புரியும் என்றால் 'வேன்' என்றே எழுதலாம் என்பது என் கருத்து. லீவு என்பதை மாற்றச் சொல்வது, அது இரண்டு பொருளைக் கலந்துவிடுவதால்.

இனி 'த்த' ஓசைக்கு வருகிறேன். தாளில் என்னை நெடுநேரம் உட்காரவைத்த இடம் இதுதான். சேத்து, கோர்த்து, சுவற்றில் ஆகிய மூன்று சொற்களிலும் ஒரே சிக்கல் ஒளிந்திருக்கிறது.

பேச்சில் நாம் 'த்து' என்று ஒலிக்கும் பல சொற்களுக்கு எழுத்தில் மூன்று வேறு பிறப்பிடங்கள் உண்டு. 'நேத்து, மாத்து, சுத்து' என்பவை நேற்று, மாற்று, சுற்று. சுற்றறிக்கை என்ற சொல்லிலேயே அந்த 'ற்ற' இருக்கிறது. 'பாத்து, சேத்து' என்பவை பார்த்து, சேர்த்து. மூன்றாவது வகையில் 'பத்து, எழுத்து, காத்து நின்றான்' ஆகியவை பேச்சிலும் எழுத்திலும் 'த்த' தான். மாற்ற எதுவும் இல்லை. மூன்று வாய்க்கால் நீரும் பேச்சில் ஒரே குளத்தில் விழுகிறது. எழுதுபவர் குளத்திலிருந்து மொண்டு, எது எந்த வாய்க்காலுடையது என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

'சேத்து' என்று எழுதியவள் பிரிக்கவே இல்லை. அது கேட்டதைக் கேட்டபடி எழுதிய பிழை. 'கோர்த்து' என்று எழுதும்போது பிரிக்க முயன்று தவறிவிட்டாள். 'பாத்து' என்பது பார்த்து என்றால், 'கோத்து' என்பதும் கொச்சையாகத்தான் இருக்கும், அதைக் கோர்த்து ஆக்கிவிட வேண்டும் என்று கை நினைக்கிறது. பேச்சுக்கு அஞ்சி, சரியாக இருந்ததையும் திருத்திக் கெடுக்கும் பிழை இது. படித்தவர்களிடம்தான் இது மிகுதி. மேடையிலும் செய்தித்தாளிலும் கோர்வை, கோர்த்து என்பவை நிறைந்திருக்கின்றன.

எது சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதே வினையை வேறு வடிவத்தில் சொல்லிப்பார்க்க வேண்டும். 'சேத்து' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சேர்ந்தான், சேர்க்கை. 'ர்' தெளிவாக எட்டிப்பார்க்கிறது, ஆகவே சேர்த்து. 'மாத்து' என்றால் மாறினான், மாறுதல். 'று' இருக்கிறது, ஆகவே மாற்று. 'காத்து நின்றான்' என்றால் காக்க, காப்பு. 'ர்' இல்லை, 'ற்' இல்லை, ஆகவே காத்து.

கோத்து என்பதற்கு இந்தச் சோதனை உடனே உதவாது, ஏனென்றால் பழக்கத்தில் 'கோர்க்க' என்றே நாக்கு சொல்லிவிடும். அதற்கு அலுவலக அலமாரியைக் காட்டினேன். தாள்களை நூலில் கோத்து வைத்த கட்டுக்கு அவர்கள் சொல்லும் பெயர் என்ன? கோப்பு. 'கோர்ப்பு' என்று எந்த அலுவலகத்திலும் யாரும் எழுதியதில்லை. இலக்கியத்தில் மும்மணிக்கோவை என்று ஒரு வகை உண்டு, மும்மணிக்கோர்வை இல்லை. கோ என்பதே வினையடி. கோத்து, கோக்க, கோவை, கோப்பு எல்லாம் ஒரே கொடியில் பூத்தவை.

சுவற்றில் என்பதும் மிகைத் திருத்தமே. பேச்சில் 'செவுத்துல' என்கிறோம். 'கெணத்துல' என்பது கிணற்றில், 'வயித்துல' என்பது வயிற்றில், எனவே 'செவுத்துல' என்பதும் சுவற்றில் என்று கை கணக்குப் போடுகிறது. கணக்கு தவறுவது சொல்லின் முடிவில். கிணறு, வயிறு, கயிறு எல்லாம் 'று' என்னும் குற்றியலுகரத்தில் முடிகின்றன. அவற்றின்மேல் 'இல்' ஏறும்போது 'ற்' இரட்டிக்கிறது. வீடு என்பது வீட்டில் ஆவதும் இதே விதியால்தான். நன்னூல் 'ட', 'ற' இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறது. ஆனால் சுவர் முடிவது 'ர்' என்னும் மெய்யில். இரட்டிக்க அங்கே 'று' இல்லை. தேர் தேரில் ஆகிறது, ஊர் ஊரில் ஆகிறது, சுவர் சுவரில் ஆகிறது. இதற்கான சோதனையும் எளிது: வேற்றுமை உருபை உரித்துவிட்டு வெறும் சொல்லைச் சொல்லிப்பாருங்கள். 'சுவறு' என்று வருமா? வராது.

இவ்வளவையும் தாளின் ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தபோது அவள் கேட்டாள்: "ஐயா, நான் சத்தம் போட்டு ரெண்டு தடவை வாசிச்சுப் பாத்தேன். ஒண்ணும் தப்பாத் தெரியலையே?"

சத்தம் போட்டு வாசித்ததால்தான் தெரியவில்லை. மற்ற பிழைகளுக்கு அது நல்ல வழி; நீண்டு முறுக்கிக்கொண்ட வாக்கியம் வாயில் தடுக்கும். பேச்சு வடிவத்துக்கு அது உதவாது. வாய்க்கு அது வழக்கமான சொல், வழுக்கிக்கொண்டு போய்விடும். சேர்த்து என்று எழுதியிருந்தாலும் வாய் 'சேத்து' என்றுதான் வாசிக்கும். இதற்குக் கண்ணால் மட்டும், வாக்கியத்தைக் கடைசியிலிருந்து பார்க்க வேண்டும். தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் நிற்பதால் இது வசதி. ஒரு சுற்று, ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் முன்னால் உள்ள சொல்லை மட்டும் பார்த்து, அதன் எழுவாயோடு பொருத்த வேண்டும். இன்னொரு சுற்று, 'ஓட', 'கிட்ட', 'ல' என்று முடியும் சொற்களைத் தேட வேண்டும். மூன்றாவது சுற்று 'த்த', 'ர்த்த', 'ற்ற' உள்ள சொற்களுக்கு. ஒரு பக்கத் தாளுக்கு மூன்று சுற்றும் சேர்ந்து பத்து நிமிடம் ஆகாது.

சொல்வடிவத்தில் இல்லாத பேச்சும் ஒன்று இந்தத் தாளில் இருந்தது. 'வருகிற திங்கக்கிழமை.' பேசும்போது பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இன்று என்ன கிழமை என்று தெரியும். சுற்றறிக்கை வெள்ளியன்று பையில் போய், ஞாயிறு இரவு வெளியே எடுக்கப்படலாம். அடுத்த வாரம் எடுக்கப்படலாம். தேதி போட்டால்தான் எழுத்து. 'வாங்கி... குடுக்கவும்' என்பதும் அப்படியே. யார் வாங்க வேண்டும், யார் கொடுக்க வேண்டும், யாரிடம்? எதிரில் நிற்பவரைப் பார்த்துச் சொல்லும்போது எழுவாய் தேவைப்படாது. தாள் யாரையும் பார்ப்பதில்லை.

'பெற்றோருடன் வராத மாணவர்கள் அனுமதிக்கப்பட மாட்டார்கள்' என்று திருத்தி எழுதியதும் அந்த வாக்கியம் என்னை உறுத்தியது. 'மாட்டாது' என்று குழம்பிக் கிடந்தபோது தெரியாத கடுமை, சரியாக எழுதியதும் தெரிந்தது. கூலி வேலைக்குப் போகும் தாய் திங்களன்று வர முடியாவிட்டால் பிள்ளைக்கு வகுப்பு இல்லையா? தலைமையாசிரியரிடம் கேட்டேன். "அப்படி வெளிய நிறுத்துறது இல்லீங்க ஐயா, எல்லாரும் வரட்டும்னு போட்டது" என்றார். அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு வேறொன்று எழுதினோம்.

எதிர்ப்பக்கம் போய் விழுவதையும் சொல்ல வேண்டும். பேச்சை விலக்குகிறேன் என்று 'இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்', 'மேற்படி மாணாக்கர்' என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுக் கூட்டம் என்றைக்கு என்று பக்கத்து வீட்டில் கேட்கிற பெற்றோரை எனக்குத் தெரியும். 'வரவும், தரவும்' என்ற ஏவலும் பெற்றோரை நோக்கி அடுக்கிக்கொண்டே போனால் அதட்டலாகிவிடும். ஓரிடத்திலாவது 'கேட்டுக்கொள்கிறோம்' வேண்டும். இறுதியில் அச்சுக்குப் போனது இது:

"அன்புடைய பெற்றோருக்கு, அரையாண்டுத் தேர்வுகள் முடிவடைந்தன. விடைத்தாள்கள் திருத்தப்பட்டுவிட்டன. ஜனவரி 19, திங்கட்கிழமை காலை 10 மணிக்குப் பெற்றோர் கூட்டம் நடைபெறும். பெற்றோர் அனைவரும் தவறாமல் கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். அன்று வர இயலாதவர்கள் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு வேறொரு நாளில் வரலாம். வகுப்பாசிரியர் தரும் மதிப்பெண் பட்டியலில் பெற்றோர் கையெழுத்திட்டு, ஜனவரி 21, புதன்கிழமைக்குள் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்தனுப்ப வேண்டும். விடுப்பு எடுத்த மாணவர்கள் விடுப்புக் கடிதத்தையும் மருத்துவச் சான்றையும் சேர்த்து, நூலில் கோத்து, வகுப்பாசிரியரிடம் தர வேண்டும். வகுப்புவாரியான நேரப் பட்டியல் அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது."

கையொப்பம் என்று மாற்றாமல் 'கையெழுத்து' என்றே விட்டேன். எல்லாருக்கும் தெரிந்த நல்ல சொல் அது. 'நாட்கள்' என்று எழுதுவதா 'நாள்கள்' என்று எழுதுவதா என்பது போன்ற, புலவர்களே இன்னும் இரு பக்கமாக நிற்கிற இடங்களில் நான் கை வைப்பதில்லை. ஒரு பள்ளி ஒன்றை எடுத்துக்கொண்டு எல்லாத் தாளிலும் அதையே எழுதினால் போதும்.

அடுத்த தாள் இரண்டு வாரம் கழித்து வந்தது. சேர்த்து சரியாக இருந்தது, 'ஓட' ஒன்றுகூட இல்லை, 'தேர்வுகள் தொடங்கின' என்று எழுதியிருந்தாள். கடைசி வரியில் மட்டும், 'பெற்றோர் நூலக அறையில் காற்றிருக்கவும்' என்று இருந்தது. நான் அதை அடிக்கவில்லை. பக்கத்தில் 'காக்க' என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதி அனுப்பினேன். மாலையில் திருத்திய தாள் வந்தது.